ஈரடியும் கைதட்டும் மட்டும் நினைவில் இருந்தால்: கஸல், கவ்வாலியைக் கண்டுபிடிக்கும் முறை

"ரெண்டு வரி ஞாபகம் இருக்கு. பின்னாடி கை தட்டுவாங்க. அது என்ன பாட்டு?" வருஷத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். பெரும்பாலும் கண்டுபிடித்துவிட முடிகிறது. முடியாமல் போனவற்றைத் திரும்பிப் பார்த்தால், பாட்டு அபூர்வமானது என்பது காரணமாக இருப்பதில்லை. தேடிய வரிசை தவறாக இருந்திருக்கும்.

வேலை தொடங்கும் முன் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். வார்த்தைகள் கவிதையைக் காட்டும், கைதட்டு அதைப் பாடிய விதத்தைக் காட்டும். கஸல் என்பது ஈரடிகளாக எழுதப்படும் உருதுக் கவிதை, ஒரே கஸலைப் பத்துப் பேர் பத்து மெட்டில் பாடியிருப்பார்கள். கவ்வாலி என்பது தர்கா மரபில் குழுவாகப் பாடும் பாட்டு, ஒரே கவ்வாலிக்குள் நாலு கவிஞர்களின் வரிகள் வந்து போகும். அதனால் இது இரண்டு தேடல். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் இரண்டும் கெடும்.

## 1. எதையும் கேட்கும் முன் கைதட்டைப் பதிவு செய்யுங்கள்

யூடியூபைத் திறக்காதீர்கள். முதல் வேலையாக, போனில் குரல் பதிவை ஓடவிட்டு, நினைவில் இருக்கும் அந்த இரண்டு அடியை உங்களுக்குத் தெரிந்த மட்டும் பாடிக்கொண்டே கையால் தட்டுங்கள். வார்த்தை மறந்த இடத்தில் "ல ல லா" போதும். மெட்டு பிசகினாலும் பரவாயில்லை, தட்டுவதை மட்டும் நிறுத்த வேண்டாம்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், தாள நினைவு சீக்கிரம் அழிந்துவிடும் என்பதுதான். ஏறக்குறைய அதே மாதிரி இருக்கும் இன்னொரு பாட்டை இரண்டு நிமிஷம் கேட்டாலே, அதன் வேகமும் தட்டும் உங்கள் நினைவுக்குள் புகுந்துவிடும். அப்புறம் "இதுதான் போல" என்று தோன்றும். வார்த்தைகள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

பதிவு செய்த பிறகு மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள். ஈரடி பாடப்படும்போதே கைதட்டு இருந்ததா, அல்லது அது முடிந்து கூட்டுக்குரல் வரும்போதுதான் வந்ததா? தட்டியது பாடகர் குழுவா, சபையா? பாட்டு போகப் போக வேகம் கூடியதா? தெரியாவிட்டால் "தெரியாது" என்றே எழுதுங்கள். இந்தக் குறிப்பு 6-வது படியில்தான் வேலைக்கு வரும். அதுவரை மூடி வைக்கலாம்.

## 2. தமிழில் எழுதும்போது க, த, ப, ச-வைக் கோடிடுங்கள்

நம்மில் உருது தெரியாதவர்கள் கேட்டதைத் தமிழ் எழுத்தில் எழுதித்தான் தொடங்குவோம். அதில் ஒரு பொறி இருக்கிறது. தமிழில் ஒரே "க"தான். உருதுவில் அந்த இடத்தில் க, ஃக, சாதாரண g, தொண்டையில் உரசும் இன்னொரு g என்று பல ஒலிகள் உண்டு. "கம்" என்று எழுதினால் அது "குறைவு" என்ற சொல்லாகவும் இருக்கலாம், "துயரம்" என்ற சொல்லாகவும் இருக்கலாம்.

இது எப்படி ஆளைக் கவிழ்க்கும் என்பதற்கு மிர்ஸா காலிபின் (1797–1869) புகழ்பெற்ற ஈரடி ஒன்றே போதும். அது "ஃபிர் பி கம் நிக்லே" என்று முடியும். "என் ஆசைகள் ஏராளமாக நிறைவேறின, ஆனாலும் குறைவாகவே நிறைவேறின" என்பது பொருள். ஒருவர் இதைத் துயரம் வெளிப்பட்டது என்று புரிந்துகொண்டு, gham என்று தட்டச்சு செய்து இரண்டு மாலைகளை வீணாக்கினார். கஸலில் துயரம் வருவது சகஜம், இயைபும் ஒத்துப்போகிறது, அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

எனவே எழுதிய வரியில் க, த, ப, ச வரும் ஒவ்வொரு இடத்துக்கும் கீழே கோடு போடுங்கள். தேடும்போது அந்த இடங்களில் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்க்க வேண்டும். கேட்காத சொல்லை ஊகித்து நிரப்பவே வேண்டாம். புள்ளி வைத்து விட்டுவிடுங்கள். தவறான சொல் இருந்தால் தேடல் தவறான இடத்துக்குப் போகும். காலி இடம் அப்படிச் செய்யாது.

## 3. வரியின் வாலைப் பிடியுங்கள்

கஸலைத் தேடுவது மற்றப் பாட்டுகளைத் தேடுவதைவிட எளிது. அதன் இலக்கணம் அப்படி. தமிழ் யாப்பில் இயைபு என்று அடிகளின் இறுதி ஒன்றுவதைச் சொல்கிறோம் அல்லவா? கஸலில் அதற்கு இரண்டு அடுக்கு உண்டு. கடைசியில் மாறாமல் திரும்பத் திரும்ப வரும் சொல் அல்லது சொற்றொடர் ரதீஃப். அதற்குச் சற்று முன்னால் ஒத்த ஓசையில் மாறி மாறி வரும் சொல் காஃபியா.

மேலே சொன்ன காலிப் கஸலில் முதல் அடி "தம் நிக்லே" என்றும் இரண்டாவது அடி "கம் நிக்லே" என்றும் முடியும். "நிக்லே" ரதீஃப். தம், கம் என்பவை காஃபியா. அந்தக் கஸலின் எல்லா ஈரடிகளிலும் இரண்டாவது அடி இப்படித்தான் முடியும்.

இப்போது உங்கள் ஈரடியைப் பாருங்கள். இரண்டு அடியும் ஒரே ரதீஃபில் முடிந்தால், பெரும்பாலும் உங்கள் கையில் இருப்பது மத்லா, அதாவது கஸலின் முதல் ஈரடி. கஸலுக்குத் தனியாகத் தலைப்பு கிடையாது, முதல் அடிதான் பெயர். ஆகவே பாட்டின் பெயரே உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

இரண்டாவது அடி மட்டும் அந்த வாலோடு முடிந்து, முதல் அடி வேறு எப்படியோ முடிந்தால், அது நடுவில் வரும் ஈரடி. அந்த முதல் அடியை வைத்துப் பாட்டின் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஏனென்றால் அந்தப் பெயரில் பாட்டே இல்லை. புதிதாகத் தேடுகிறவர்கள் விழும் பள்ளம் இதுதான். நினைவில் பளிச்சென்று இருக்கும் அடியைத் தலைப்பு என்று நம்பிவிடுகிறார்கள்.

## 4. ரதீஃப் ஒன்றானால் கஸலும் ஒன்று என்று நினைக்காதீர்கள்

ஒரே ரதீஃபில் பல கஸல்கள் இருக்கும். ஒரே கவிஞரே எழுதியிருப்பார். இந்த இரண்டு அடிகளைப் பாருங்கள். இரண்டும் காலிபுடையவை:

"ஜோ நஹீ(ன்) ஜான்தே வஃபா க்யா ஹை"
(விசுவாசம் என்றால் என்னவென்றே அறியாதவரிடம்…)

"ஜப் ஆங்க் ஹி ஸே ந டப்கா தோ ஃபிர் லஹூ க்யா ஹை"
(கண்ணிலிருந்தே சொட்டாவிட்டால் அது என்ன இரத்தம்?)

இரண்டும் "க்யா ஹை" என்றே முடிகின்றன. ஒரே பாட்டின் இரண்டு வரிகள் என்று சத்தியம் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காஃபியாவைப் பாருங்கள். முதலாவதில் "வஃபா", ஆகாரத்தில் முடிகிறது. இரண்டாவதில் "லஹூ", ஊகாரத்தில் முடிகிறது. இது ஒன்றே போதும், வேறு வேறு கஸல். முதலாவது "தில்-எ-நாதான் துஜே ஹுவா க்யா ஹை" என்று தொடங்கும் கஸலைச் சேர்ந்தது. அதில் ஹுவா, தவா, வஃபா, துஆ என்று போகும். இரண்டாவது "ஹர் ஏக் பாத் பே கெஹ்தே ஹோ தும் கே தூ க்யா ஹை" என்ற கஸலைச் சேர்ந்தது. அதில் தூ, குஃப்தகூ, லஹூ, ஆப்ரூ என்று போகும்.

காஃபியா காதில் சரியாக விழவில்லை என்றால் அடியின் நீளம் கைகொடுக்கும். ஒரு கஸலின் எல்லா அடிகளும் ஒரே சந்தத்தில் இருக்க வேண்டும். மேலே உள்ள முதல் அடியை அசை அசையாக விரலில் எண்ணினால் ஒன்பது, பத்து வரும். இரண்டாவது பதின்மூன்று, பதினாலுக்குப் போகும். உருதுச் சந்த இலக்கணம் படிக்கத் தேவையில்லை. சட்டென்று முடியும் அடியா, மூச்சு பிடித்துச் சொல்லும் அடியா என்று தெரிந்தால் போதும். ஒன்றிரண்டு அசை கூடக் குறைய வருவதைப் பொருட்படுத்த வேண்டாம், மெய்யெழுத்துகள் சில இடங்களில் தனி அசையாக எண்ணப்படும். நாலைந்து வித்தியாசம் வந்தால் மட்டும் அது வேறு கஸல்.

## 5. வாலைத் தேடுங்கள், தலையை அல்ல

இப்போதுதான் இணையத்துக்குப் போகிறோம். உருதுக் கவிதைக்கு `rekhta.org`, தர்கா மரபுப் பாடல்களுக்கு `sufinama.org`. இரண்டிலும் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்தே தேடலாம்.

முழு அடியையும் போடாதீர்கள். காஃபியாவும் ரதீஃபும் அடங்கிய கடைசி மூன்று, நாலு சொற்களைப் போடுங்கள்:

```
jaante wafa kya hai
jaante vafa kya hai
```

இரண்டு விதமாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உருதுவை ஆங்கில எழுத்தில் எழுத ஒரே வழி என்று ஒன்றில்லை. ஒருவர் w போடுவார், இன்னொருவர் v போடுவார். "நஹீ" என்ற ஒரு சொல்லை மட்டும் nahi, nahin, nahiin என்று மூன்று விதமாகப் பார்க்கலாம். "ஹம்" என்பது hum என்றும் ham என்றும் வரும். ஆகவே எழுத்து மாற வாய்ப்பில்லாத சொற்களைத் தேர்ந்தெடுங்கள். kya hai பெரும்பாலும் மாறாது. இந்தி எழுத்து தெரிந்தவர்கள் தேவநாகரியில் போட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

தில், இஷ்க், சனம் போன்ற சொற்களை வைத்துத் தேடுவது வீண். அவை இல்லாத கஸலைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நினைவில் இருப்பதிலேயே விசித்திரமான சொல் எதுவோ அதைப் போடுங்கள். "லஹூ", "டப்கா" மாதிரி ஒரு சொல் கிடைத்தால் வேலை சுலபம்.

கவிதை கிடைத்ததும் நிறுத்திவிடாமல் கடைசி ஈரடி வரை போய்ப் பாருங்கள். அது மக்தா. கவிஞரின் புனைபெயர் பெரும்பாலும் அங்கே இருக்கும். தியாகராஜர் கீர்த்தனையின் கடைசியில் தன் பெயரை வைப்பது போல, தீட்சிதர் "குருகுஹ" என்று வைப்பது போல. "தில்-எ-நாதான்" கஸலின் மக்தாவில் "காலிப்" என்று வெளிப்படையாகவே வரும். ஆனால் எச்சரிக்கை: பல புனைபெயர்கள் அன்றாடச் சொற்கள். தர்த் என்றால் வலி, தாக் என்றால் கறை, ஜிகர் என்றால் ஈரல். நடு ஈரடியில் "தர்த்" என்று கேட்டுவிட்டு, கவிஞர் மீர் தர்த் என்று முடிவு கட்ட வேண்டாம்.

முதல் அடி ஒத்துப்போனாலும் உங்கள் ஈரடி அந்தக் கவிதையில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். மீர் தகி மீர் (1723–1810) எழுதிய "பத்தா பத்தா பூட்டா பூட்டா ஹால் ஹமாரா ஜானே ஹை" என்ற கஸலின் தொடக்கத்தை எடுத்துக்கொண்டு, மஜ்ரூஹ் சுல்தான்புரி 1972-இல் வந்த "ஏக் நஸர்" படத்துக்குப் பாட்டு எழுதினார். தொடக்கம் மீருடையது, உள்ளே வருவது வேறு. நடு வரி நினைவில் இருப்பவர் மீரின் கவிதையில் அதைத் தேடித் தேடிக் களைத்துப்போவார்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். "தில்-எ-நாதான்" கஸலில் பதினொரு ஈரடிகள். பாடுகிறவர்கள் எல்லாவற்றையும் பாடுவதில்லை, தங்களுக்குப் பிடித்த சிலவற்றைத்தான் எடுப்பார்கள். கவிதை சரியாகவே இருக்கும், ஆனால் நீங்கள் திறந்த ஒலிப்பதிவில் உங்கள் ஈரடி இருக்காது. அதற்காகக் கவிதையே தவறு என்று விட்டுவிட வேண்டாம், அடுத்த பாடகரைத் திறங்கள்.

## 6. கைதட்டு என்ன சொல்கிறது?

இனி அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். பதிவில் இருப்பது நீங்கள் தட்டியது. அதோடு எழுதி வைத்த மூன்று பதில்களையும் சேர்த்துப் பாருங்கள்.

கைதட்டே இல்லை என்றால். அது கஸலாகப் பாடப்பட்டது. கஸல் கச்சேரியில் தபலா தாளத்தைப் பார்த்துக்கொள்ளும். ஈரடி முடிந்ததும் சபையிலிருந்து "வாஹ்" வரும், தாளம் போட்டு யாரும் தட்டமாட்டார்கள். பாட்டு நடுவே வரும் கைதட்டல் பாராட்டுக்குத் தட்டுவது. படபடவென்று பெய்து ஓய்ந்துவிடும். இதைத் தாளத்தோடு குழப்பி, கஸலைக் கவ்வாலி என்று நினைத்துத் தேடியவர்கள் நிறையப் பேர்.

சபை தாளம் போட்டால். நேரடிக் கச்சேரிப் பதிவுகளில், தெரிந்த பாட்டு வந்ததும் கூட்டம் சேர்ந்து தட்டத் தொடங்கும். இந்தத் தட்டு சற்றே பின்தங்கும், ஓரங்களில் சிதறும், பாட்டு மெதுவானால் நின்றுவிடும். இதை வைத்துப் பாட்டின் வகையைச் சொல்ல முடியாது. நேரடிப் பதிவு என்பதை மட்டும் சொல்லலாம்.

குழு தட்டினால். இதுதான் கவ்வாலி. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கூட்டுப்பாடகர்கள் ஒரே ஆள் தட்டுவது போலத் தட்டுவார்கள். பாடிக்கொண்டே தட்டுவதால் கூட்டுக்குரலும் கைதட்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். தொடக்கத்தில் ஆர்மோனியத்தோடு தனிக்குரல் மட்டும் வரும், தட்டு இருக்காது. தோலக் அல்லது தபலா சேர்ந்து பல்லவி நிலைத்த பிறகு தட்டு வரும். போகப் போக வேகம் ஏறும்.

சினிமாக் கவ்வாலி என்றால். குழுதான் தட்டும், ஆனால் ஒழுங்கு அதிகம். ஒலிக்கூடத்தில் கணக்குப் போட்டு வைத்த தட்டு. வயலின்கள் இடையிசை வாசிக்கும்போது கைதட்டு மறைந்து, குரல் வரும்போது சரியான இடத்தில் திரும்பும். ஒரு ஈரடியை மூன்று, நாலு முறை இழுத்துப் பாடி நிற்பது குறைவு, நேரம் கட்டுப்படி ஆகாது.

வேகத்தை அளக்க ஒரு எளிய வழி: நினைவிலிருந்து பாட்டின் தொடக்கப் பகுதியைத் தட்டி, 15 நொடியில் எத்தனை தட்டு என்று எண்ணுங்கள். முடிவுப் பகுதிக்கும் அப்படியே செய்யுங்கள். இரண்டு எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் சினிமாப் பக்கம் சாயலாம். முடிவில் தெளிவாகக் கூடியிருந்தால் மேடை அல்லது தர்கா.

தாளத்தை எண்ணும் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் பழக்கதோஷத்தில் தட்டியதும் விரல் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். இங்கே அது வேண்டாம். "தகதிமி தகதிமி" என்று சொல்லிப் பார்த்துப் பொருந்தினால் அது எட்டு மாத்திரை கஹர்வா. பெரும்பாலும் ஒவ்வொரு தகதிமியின் தொடக்கத்திலும் ஒரு தட்டு விழும், வேகம் பிடித்த பிறகு தட்டு இரட்டிக்கலாம். "தக்கிட தக்கிட" பொருந்தினால் ஆறு மாத்திரை தாத்ரா. யாராவது "ரூபக்" என்று சொன்னால் நம்முடைய ரூபகத்தை நினைக்காதீர்கள். இந்துஸ்தானி ரூபக் ஏழு மாத்திரை, நம் மிஸ்ர சாபு மாதிரி மூன்றும் இரண்டும் இரண்டுமாக நடக்கும். நிதானமாகப் பாடும் கஸல்களில் அது வரும். ஏழு வருகிறது, கூடவே குழு விடாமல் கை தட்டுகிறது என்று உங்கள் குறிப்பு சொன்னால், எண்ணியதில் தவறு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

## 7. கவிதை ஒன்று சொல்கிறது, கைதட்டு வேறொன்று சொல்கிறது என்றால்

பெரும்பாலான தேடல்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. அதனால் ஒரு ஆளின் கதையாகவே சொல்கிறேன்.

நண்பரின் அப்பா லாரி ஓட்டியவர். பல வருஷங்களுக்கு முன் ராஜஸ்தான் பக்கம் ஒரு ஓட்டலில் கேசட்டில் கேட்ட பாட்டு. அவர் நினைவில் இருந்தது "ஹம் கோ உன் ஸே வஃபா கி ஹை உம்மீத்", அப்புறம் ஏதோ "வஃபா க்யா ஹை". கூடவே பலத்த கைதட்டு. கவிதை பத்தே நிமிஷத்தில் கிடைத்தது, மேலே சொன்ன காலிப் கஸல்தான். 1954-இல் வந்த "மிர்ஸா காலிப்" படத்தில் தலத் மஹ்மூதும் சுரையாவும் பாடியதைப் போட்டுக் காட்டினேன். இல்லை என்றார். குல்சார் இயக்கிய 1988 தொலைக்காட்சித் தொடரில் வருவதையும் போட்டேன். அதுவும் இல்லை. "கைதட்டு எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் செய்த தவறு, 1-வது படியில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டது. அப்புறம்தான் அந்த ஈரடி வரும்போது கைதட்டு இருந்ததா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு மேஜையில் தட்டிப் பார்த்தார்.

"இல்ல தம்பி. அந்த வரி வரும்போது தட்ட மாட்டாங்க. ஒரே ஆள் அந்த வரியை ரெண்டு மூணு தடவை சொல்லுவான். அப்புறம் எல்லாரும் சேர்ந்து க்வாஜா, க்வாஜான்னு வரும்போது டமார்னு தட்டு விழும்."

விஷயம் அங்கே உடைந்தது. கவ்வாலியில் இதற்கு கிரஹ் என்று பெயர், முடிச்சு என்று அர்த்தம். முதன்மைப் பாடகர் பல்லவியை நிறுத்திவிட்டு, வேறொரு கவிதையிலிருந்து பொருத்தமான ஈரடியை எடுத்துச் செருகுவார். அதைப் பாடும்போது பெரும்பாலும் தாளம் தளரும், கைகள் ஓயும். ஈரடியின் கடைசிச் சொல்லிலிருந்து பல்லவிக்குத் தாவும்போது தட்டு முழு வேகத்தில் திரும்பும். நம் சினிமாப் பாட்டில் தொகையறா வருவது போல என்று சொல்லலாம். ஆனால் இது பாட்டின் நடுவே எங்கு வேண்டுமானாலும் வரும், மேடைக்கு மேடை மாறும்.

அப்படியானால் அவர் கேட்டது காலிபின் கஸலே அல்ல. ஏதோ ஒரு சூஃபிப் பெரியவரை க்வாஜா என்று அழைக்கும் புகழ்ப்பாட்டு, அதில் காலிபின் ஈரடி ஒரு முடிச்சாக வந்திருக்கிறது.

இதை உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு. ஈரடியின் வாலையும் பல்லவியின் வாலையும் பக்கத்தில் வையுங்கள். கஸலையே கவ்வாலியாகப் பாடினால் இரண்டும் ஒரே ரதீஃபில் முடியும், ஏனென்றால் பல்லவி என்பது மத்லாவின் ஒரு அடிதான். இங்கே ஒன்று "க்யா ஹை" என்று முடிகிறது, மற்றது "க்வாஜா" என்று முடிகிறது. ஒட்டவில்லை. கைதட்டும் நின்று திரும்புகிறது. இரண்டு அடையாளமும் சேர்ந்தால் அது கிரஹ் என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். கைதட்டு நின்றது மட்டும் போதாது, சொந்த ஈரடிக்கும் சில குழுக்கள் தட்டை நிறுத்துவார்கள்.

கிரஹ் என்று தெரிந்துவிட்டால் ஈரடியை வைத்துத் தேடுவதை அத்தோடு விட்டுவிடுங்கள். கவிஞர் யார் என்று தெரிந்துகொள்ள அது பயன்படும், பாட்டைக் கண்டுபிடிக்கப் பயன்படாது. தேட வேண்டியது பல்லவியை.

## 8. பல்லவியில் ஒரு பெயர் கிடைத்தால்

கவ்வாலிப் பல்லவியில் பெரியவர்களின் பெயர் வந்தால் தேடும் இடம் சட்டெனச் சுருங்கும். வெறும் "க்வாஜா" என்றால் முதலில் அஜ்மீர், முயினுத்தீன் சிஷ்தி. "நிஜாம்" என்றால் டில்லி நிஜாமுத்தீன் அவுலியா, கூடவே அமீர் குஸ்ரோவின் பெயரில் வழங்கும் பாட்டுகள். "கலந்தர்", "ஸேவன்" என்று வந்தால் சிந்து மாகாணத்து லால் ஷாபாஸ் கலந்தர். "சாபிர்", "கலியர்" என்றால் ரூர்க்கி அருகே கலியர். "தாதா" என்பதை நம் ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள், பெரும்பாலும் லாகூரின் தாதா கஞ்ச் பக்ஷ்.

இந்தப் பெயரோடு கைதட்டுக் குறிப்பைச் சேர்த்து மேடைப் பதிவையோ சினிமாப் பதிவையோ தேடலாம். லாரிக்காரரின் விஷயத்தில் இவ்வளவு தூரம் வர முடிந்தது. அவர் கேட்ட அந்தக் கேசட் கிடைக்கவில்லை. உள்ளூர்க் குழு பாடியதாக இருக்கலாம், அவற்றில் பல இணையத்துக்கே வரவில்லை.

## 9. பாட்டு கிடைத்த பிறகு, எந்தப் பதிவு?

ஒரே பாட்டுக்கு இரண்டு பெயர் இருக்கலாம். 1960-இல் வந்த "பர்சாத் கி ராத்" படத்தில் ரோஷன் இசையில் சாஹிர் லூதியான்வி எழுதிய நீண்ட கவ்வாலியைச் சிலர் "ந தோ காரவான் கி தலாஷ் ஹை" என்று தொடக்கத்தை வைத்துச் சொல்வார்கள், சிலர் "யே இஷ்க் இஷ்க் ஹை" என்று நடுவே ஏறும் பல்லவியை வைத்துச் சொல்வார்கள். பன்னிரண்டு நிமிஷம் ஓடும் பாட்டு, இரண்டு துண்டாகவும் பதிவேறியிருக்கிறது. உங்களுக்கு நினைவிருக்கும் வரி ஒரு துண்டில் இல்லை என்றால் மற்றதையும் கேளுங்கள்.

பழைய கவ்வாலி புதிதாக வந்திருந்தால், வரிகளே மாறியிருக்கும். ஃபனா புலந்த்ஷஹரி எழுதி நுஸ்ரத் ஃபதே அலி கான் பாடிப் புகழ்பெற்ற "மேரே ரஷ்கே கமர்", 2017-இல் "பாத்ஷாஹோ" படத்தில் வந்தபோது மனோஜ் முன்தஷிர் அதில் புதிய வரிகள் சேர்த்தார். "மஸா ஆ கயா" என்ற ரதீஃப் இரண்டிலும் உண்டு, ஆகவே வாலை வைத்துப் பிரிக்க முடியாது. உங்கள் ஈரடி ஃபனாவின் கவிதையில் இல்லை என்றால் நீங்கள் கேட்டது படத்துப் பாட்டாக இருக்கலாம். இருக்கிறது என்றால் கைதட்டைப் பாருங்கள். குழு தட்டித் தட்டி ஏறினால் நுஸ்ரத்தின் மேடை.

பதிவுகளை ஒப்பிடும்போது தொடக்கத்திலிருந்து கேட்காதீர்கள், ஆளைச் சோர்வடையச் செய்யும். உங்கள் ஈரடி வரும் இடத்துக்குத் தாவி, அதற்கு முன்னும் பின்னும் அரை நிமிஷம் கேட்டு, 1-வது படியில் நீங்கள் பதிவு செய்ததை உடனே போட்டுப் பாருங்கள். தட்டு விழும் இடம் ஒத்துப்போகிறதா என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். வேகம் சற்றுக் கூடக் குறைய இருந்தால் விட்டுவிடலாம், நினைவில் எல்லோருக்கும் வேகம் மாறும். தட்டு விழும் சொல் மாறினால் அது வேறு பதிவு.

இவ்வளவுக்குப் பிறகும் கிடைக்காவிட்டால், உருது தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். கேட்கும்போது பாடிக் காட்டுவதோடு நிறுத்தாமல், கோடிட்ட அந்த வரியையும் ரதீஃபையும் காஃபியாவையும் ஈரடியின்போது கைதட்டு இருந்ததா இல்லையா என்பதையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். "அழகான பழைய கவ்வாலி, ரொம்ப நல்லா இருக்கும்" என்று மட்டும் சொன்னால், அவர் தனக்குப் பிடித்த நாலு பாட்டைப் போட்டுக் காட்டுவார்.